மெஷ் எண்ணை மைக்ரானாக மாற்றுவது எப்படி: பொடி, மாவு சலிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை இலையைக் காயவைத்து அரைத்துப் பொடியாக விற்கிறவர்கள் நிறைய இருக்கிறோம். வாங்குகிறவர்கள் அனேகமாக எல்லோரும் ஒரே வார்த்தைதான் கேட்பார்கள், "80 மெஷ் வேண்டும்". நானும் 80 மெஷ் என்று கேட்டு வாங்கின வலையில் சலித்து, 80 மெஷ் என்று பையில் எழுதி அனுப்பினேன். வாங்கின இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, பொடியில் கிட்டத்தட்ட 12 சதவீதம் சல்லடையைத் தாண்டவில்லை, 95 சதவீதமாவது தாண்டியிருக்க வேண்டும் என்று சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, நானும் ஏமாற்றவில்லை. என் வலையும் 80, அவர்கள் சல்லடையும் 80. ஆனால் என் வலையின் கண் 224 மைக்ரான், அவர்களுடையது 180 மைக்ரான்.

இது எப்படி நடக்கிறது, நம் கையில் இருக்கும் வலை உண்மையில் எத்தனை மைக்ரான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, பொடியை எப்படிச் சோதிப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முருங்கைப் பொடியை வைத்துத்தான் சொல்லப்போகிறேன். மஞ்சள் தூளோ அரிசி மாவோ சலிக்கிறவர்களுக்கும் கணக்கு இதேதான்.

முதலில், மெஷ் என்பது எதை எண்ணுகிறது

மெஷ் எண் பொடியின் அளவே இல்லை, ஓட்டையின் அளவும் இல்லை. வலையில் ஒரு அங்குல நீளத்துக்குள் எத்தனை கண்கள் வருகின்றன என்பதுதான் அது. 80 மெஷ் என்றால் ஒரு அங்குலத்தில் 80 கண். எண் கூடக் கூடக் கண் சிறுத்துப் பொடி நைஸாகும், மைக்ரான் குறையும். புதிதாக வருபவர்கள் இங்கேதான் முதலில் குழம்புவார்கள்: 100 மெஷ் பொடி 60 மெஷ் பொடியைவிட நைஸானது, ஆனால் 100 மைக்ரான் 60 மைக்ரானைவிடப் பெரியது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன.

ஒரு அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர், அதாவது 25400 மைக்ரான். அதை 80 ஆல் வகுத்தால் 317.5 வருகிறது. அப்படியென்றால் 80 மெஷ் வலையின் கண் 317 மைக்ரானா? இல்லை. அந்த 317.5 மைக்ரான் இடத்துக்குள் ஒரு கண்ணும் இருக்கிறது, ஒரு கம்பியும் இருக்கிறது. கம்பி தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பதுதான் பொடி இறங்கும் வழி.

```
கண்ணளவு (மைக்ரான்) = 25400 ÷ மெஷ் எண் − கம்பியின் விட்டம் (மைக்ரான்)
```

இந்த ஒரு வரியில்தான் எல்லா வம்பும் இருக்கிறது. மெஷ் எண்ணைச் சொல்கிறவர்கள் கம்பியின் விட்டத்தைச் சொல்வதில்லை. கடையில் விற்கும் 80 மெஷ் துருப்பிடிக்காத எஃகு வலையில் 140 மைக்ரான் கம்பி போட்டு நெய்தது உண்டு, அதில் கண் 317.5 − 140, சுமார் 178 மைக்ரான். மாவு சலிப்பதற்கென்றே மெல்லிய கம்பியில் நெய்யும் போல்டிங் வகை வலையும் உண்டு. அதே 80 மெஷ்ஷில் கம்பி சுமார் 94 மைக்ரான்தான், கண் 224 மைக்ரான். மெல்லிய கம்பி என்பதால் திறந்த இடம் அதிகம், பொடி சரசரவென்று இறங்கும், அதனால்தான் சலிப்பு எந்திரத்துக்கு அதைப் பரிந்துரைப்பார்கள். நான் வாங்கினதும் அதைத்தான். நல்ல வலை, குறை ஒன்றும் இல்லை, ஆனால் அதன் 80 வேறு, சோதனைச் சல்லடையின் 80 வேறு.

சோதனைச் சல்லடை என்றால் வளையத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

சோதனைக்கென்று விற்கும் பித்தளை அல்லது எஃகு வளையச் சல்லடை உங்களிடம் இருந்தால் கணக்கே தேவையில்லை. வளையத்தின் பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும், அதில் மைக்ரான் அச்சடித்திருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும். கூடவே ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் எந்த நாட்டு வரிசை என்று பார்க்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்க வரிசை ஏ.எஸ்.டி.எம், பிரிட்டிஷ் வரிசை பி.எஸ்.எஸ். இந்த இரண்டும்தான் நம் ஊரில் அதிகம் புழங்குகின்றன. டைலர் என்று பழைய அமெரிக்க வரிசை ஒன்றும் உண்டு. பல அளவுகளில் ஒரே ஓட்டைக்கு இவை வெவ்வேறு எண் கொடுக்கும். கோதுமை மாவில் 98 சதவீதமாவது 212 மைக்ரான் சல்லடை வழியாக இறங்க வேண்டும் என்பது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதி. அந்த 212 மைக்ரான் ஓட்டை ஏ.எஸ்.டி.எம்மில் 70, பி.எஸ்.எஸ்ஸில் 72, டைலரில் 65. இது பரவாயில்லை, எண்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் 30 என்று கேட்டால் ஏ.எஸ்.டி.எம்மில் 600 மைக்ரான், பி.எஸ்.எஸ்ஸில் 500 மைக்ரான். ரவை மாதிரி கொரகொரப்பான சரக்கில் இந்த நூறு மைக்ரான் நன்றாகவே தெரியும்.

அடிக்கடி தேவைப்படும் அளவுகளை மட்டும் தருகிறேன்:

| மைக்ரான் | ஏ.எஸ்.டி.எம் எண் | பி.எஸ்.எஸ் எண் |
|---|---|---|
| 500 | 35 | 30 |
| 425 | 40 | 36 |
| 300 | 50 | 52 |
| 250 | 60 | 60 |
| 212 | 70 | 72 |
| 180 | 80 | 85 |
| 150 | 100 | 100 |
| 125 | 120 | 120 |
| 75 | 200 | 200 |

பி.எஸ்.எஸ் வரிசையில் 80 என்று ஒரு எண்ணே இல்லை, 85 தான் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆகவே ஒருவர் 80 மெஷ் சோதனை என்று சொன்னால் அவர் அனேகமாக ஏ.எஸ்.டி.எம் வரிசையைத்தான் சொல்கிறார், அது 180 மைக்ரான். இந்திய வரிசையான ஐ.எஸ் 460 இந்தக் குழப்பத்தையே வைத்துக்கொள்ளவில்லை. அதில் சல்லடையின் பெயரே மைக்ரான்தான்: 180 மைக்ரான் ஐ.எஸ் சல்லடை, 300 மைக்ரான் ஐ.எஸ் சல்லடை, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் எல்லோரும் இப்படியே பேசலாம்.

கையில் அட்டவணை இல்லாத நேரத்தில் ஒரு குறுக்குவழி உண்டு: 15000 ஐ மெஷ் எண்ணால் வகுங்கள். 60 க்கு 250, 100 க்கு 150, 120 க்கு 125, 200 க்கு 75, எல்லாம் அச்சாக வருகிறது. 80 க்கு 187 வருகிறது, உண்மை 180, பரவாயில்லை. இது ஏன் பலிக்கிறது என்றால், சோதனைச் சல்லடைகளில் இந்த எல்லைக்குள் கண்ணும் கம்பியும் சேர்ந்த நீளத்தில் கண்ணின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் மூன்று. 25400 இல் ஐந்தில் மூன்று 15240. ஏ.எஸ்.டி.எம்மில் 50 க்குக் கீழே இது கவிழ்ந்துவிடும்: 40 க்கு 375 என்று சொல்லும், உண்மை 425. கடை வலைக்கும் இதைப் பயன்படுத்தாதீர்கள், அங்கே கம்பியின் பங்கு நெய்தவரைப் பொறுத்தது. என் வலைக்கு இந்தக் கணக்கைப் போட்டிருந்தாலும் 187 என்றுதான் வந்திருக்கும், நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கடை வலை என்றால் நீங்களே அளக்க வேண்டும்

தகடு இல்லாத வலை, மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கின வலை, எந்திரத்தோடு வந்த வலை, இதெல்லாம் எத்தனை மைக்ரான் என்று தெரிய இரண்டு அளவு போதும்: ஒரு அங்குலத்தில் எத்தனை கண், கம்பி எவ்வளவு தடிமன்.

கண்ணை எண்ண, துணிக்காரர்கள் நூல் எண்ணும் பிக் கிளாஸ் இருக்கிறதே, அதைப்போல வசதியானது வேறில்லை. கரூர், திருப்பூர்ப் பக்கம் யாரிடமாவது கட்டாயம் இருக்கும். சின்ன மடக்கு லென்ஸ், அடியில் சரியாக ஒரு அங்குலச் சதுரத் திறப்பு. வலையை வெள்ளைத் தாள் மேல் விரித்து, லென்ஸை வைத்து, கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணுங்கள். நேரடியாகக் கண்ணால் எண்ணினால் நாற்பதைத் தாண்டும்போது எங்கே இருக்கிறோம் என்று மறந்துபோகும், எனக்கு ஒவ்வொரு முறையும் மறந்தது. லென்ஸ் இல்லையென்றால் எஃகு அளவுகோலை வலை மேல் வைத்துப் படம் எடுத்து, 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கண்களை எண்ணி, இரண்டால் வகுத்து 2.54 ஆல் பெருக்குங்கள். என் வலையில் 2 சென்டிமீட்டருக்கு 63 வந்தது. 63 ÷ 2 × 2.54 = 80.01. ஆக மெஷ் எண் 80 தான், விற்றவர் சரியாகத்தான் சொன்னார்.

நீளவாட்டில் எண்ணியதோடு நிறுத்தாமல் குறுக்குவாட்டிலும் எண்ணுங்கள். மலிவான வலைகளில் ஒரு பக்கம் 80, மறுபக்கம் 74 என்று வருவதுண்டு. அப்படி வந்தால் கண் சதுரமாக இல்லை, ஒரு பக்கம் நீண்டிருக்கிறது. அந்த வலைக்கு ஒரே மைக்ரான் சொல்லவே முடியாது, தரம் பிரிக்கும் வேலைக்கு அதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது கம்பி. வெர்னியர் இதற்கு ஆகாது, ஸ்க்ரூ கேஜ் வேண்டும், நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டுகிறது. பக்கத்து லேத் பட்டறையில் இருக்கும். வலையின் வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு கம்பியை உருவி எடுங்கள். நெய்த கம்பி என்பதால் அது நேராக இருக்காது, சின்னச் சின்ன நெளிவாக இருக்கும். அப்படியே கேஜில் வைத்தால் நெளிவின் உயரத்தையும் சேர்த்துக் காட்டிவிடும், கம்பிக்கு இல்லாத தடிமன் வரும், கண் உள்ளதைவிடச் சிறியதாகக் கணக்கில் விழும். இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து நன்றாக இழுத்து நேராக்கிவிட்டு அளங்கள். ஒரு கம்பியோடு விடாமல் நாலைந்து கம்பிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு இடம்.

சரிபார்க்க இன்னொரு வழி, வலையையே கேஜில் வைத்து அழுத்தாமல் அதன் தடிமனைப் பார்ப்பது. சாதாரணமாக ஒன்றுக்கு மேல் ஒன்று, ஒன்றுக்குக் கீழ் ஒன்று என்று நெய்த வலையில் கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் இரண்டு கம்பி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், அதனால் வலையின் தடிமன் ஏறக்குறைய கம்பியைப்போல் இரண்டு மடங்கு. எனக்குக் கம்பி 0.09 என்றும் வலை 0.19 என்றும் வந்தது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. 0.09 மில்லிமீட்டர் என்பது 90 மைக்ரான், 317.5 − 90 = 227.5. விற்பவரிடம் பிறகு கேட்டபோது கம்பி 94 மைக்ரான் என்றார், ஆக 224.

இந்த முறையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூ கேஜ் ஒரு கோடு தவறினால் 10 மைக்ரான், அது அப்படியே கண்ணளவில் வந்து விழும். அங்குலத்தில் இரண்டு கண் தவறாக எண்ணினால் இன்னொரு 8 மைக்ரான். 200 மைக்ரான் பக்கத்தில் இது சமாளிக்கக்கூடிய தவறு, எந்த வலை வாங்குவது என்று முடிவெடுக்கப் போதும். 75 மைக்ரான் வலையில் அதே தவறு எட்டில் ஒரு பங்குக்கு மேல், அங்கே கேஜும் அளவுகோலும் உதவாது, சான்றிதழோடு வரும் சோதனைச் சல்லடை வாங்கித்தான் ஆகவேண்டும்.

நாட்டு மருந்துக்குப் பொடி வாங்குகிறவர்கள் மெஷ் சொல்லாமல் வஸ்திரகாயம் செய்து கொடுங்கள் என்பார்கள், துணியில் சலிப்பது. அதற்கு மைக்ரான் எவ்வளவு என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சொல்ல முடியாது. துணியில் கண் ஒரே சீராக இருப்பதில்லை, துவைத்தால் ஒரு மாதிரி, இழுத்துக் கட்டினால் இன்னொரு மாதிரி. அவர்களுக்குத் துணியிலேயே சலித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பொடியைச் சோதனைச் சல்லடையில் போட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று எழுதிக் கொடுப்பதுதான் சரி.

இப்போது பொடியைச் சோதியுங்கள்

வலை எத்தனை மைக்ரான் என்று தெரிந்ததாலேயே பொடி எத்தனை மைக்ரான் என்று தெரிந்துவிடாது. 180 மைக்ரான் வலையில் இறங்கின பொடி என்றால் அதில் 170 உம் இருக்கும், 40 உம் இருக்கும், 5 உம் இருக்கும். மெஷ் எண் சொல்வது மேல் வரம்பை மட்டும். அந்த வரம்புக்குக் கீழே எவ்வளவு, இடையில் எவ்வளவு என்பதை நிறுத்துத்தான் சொல்ல முடியும்.

நான் வாங்கினது 8 அங்குல வளையத்தில் மூன்று சல்லடை: 250, 180, 150 மைக்ரான். கூடவே ஒரு அடித்தட்டும் மூடியும். தராசு 0.01 கிராம் காட்ட வேண்டும், நகைக்கடைத் தராசு மாதிரி. பொடி 50 கிராம் போதும். நைஸான பொடியை 200 கிராம் கொட்டிவிட்டால் மேலே ஒரு மெத்தை மாதிரி நின்றுவிடும், அடியில் இருப்பது மட்டும் வலையைத் தொடும், பாதிப் பொடிக்கு இறங்க வாய்ப்பே கிடைக்காது.

மாதிரி எடுக்கும்போது சாக்கின் மேலிருந்து ஒரு கை அள்ளாதீர்கள். சாக்கு வண்டியில் குலுங்கும்போது பொடிக்குள் நைஸானது கீழே இறங்கி, கொரகொரப்பானது மேலே வந்துவிடும். மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்துக் கலந்து, அதைக் கோபுரமாகக் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் கலந்து பிரித்து, 50 கிராம் பக்கம் வரும்வரை குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

பெரிய கண் மேலே, சிறிய கண் கீழே என்று அடுக்குங்கள். 250, அதன் கீழ் 180, அதன் கீழ் 150, கடைசியில் அடித்தட்டு. ஒவ்வொன்றையும் காலியாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பொடியை மேலே போட்டு மூடி, உள்ளங்கையால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள். பத்து நிமிடம். முடிந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு சல்லடையை மட்டும் தனியாக எடுத்து, கீழே சுத்தமான தட்டு வைத்து ஒரு நிமிடம் தட்டிப் பாருங்கள். 0.05 கிராமுக்கும் குறைவாக இறங்கினால் முடிந்தது. அதற்கு மேல் இறங்கினால் இன்னும் சலிக்க வேண்டும். கடிகாரத்தை நம்பாமல் இதை நம்புங்கள்.

திருப்பி அனுப்பிய சரக்கிலிருந்து நான் எடுத்த முதல் சோதனை இது. 250 மேல் நின்றது 0.6 கிராம். 180 மேல் 5.2. 150 மேல் 4.5. அடித்தட்டில் 39.2. கூட்டினால் 49.5, போட்டது 50.0. அரை கிராம் தூசியாகப் பறந்தும் வலையில் ஒட்டியும் போயிருக்கிறது, நூற்றுக்கு 1. நூற்றுக்கு 2 க்கு மேல் காணாமல் போனால் நான் அந்தச் சோதனையைக் கணக்கில் வைப்பதில்லை, மறுபடி செய்வேன்.

180 மைக்ரானைத் தாண்டியது எவ்வளவு என்று பார்க்க, அதற்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும்: 4.5 + 39.2 = 43.7. வகுப்பது போட்ட 50 ஆல் இல்லை, திரும்பக் கிடைத்த 49.5 ஆல். 43.7 ÷ 49.5 = 88.3 சதவீதம். ஆக 11.7 சதவீதம் நின்றிருக்கிறது. அவர்கள் சொன்ன 12 சரிதான்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. இந்தப் பொடி முழுவதும் என்னுடைய 224 மைக்ரான் வலை வழியாக இறங்கினது. அப்புறம் 250 மேல் 0.6 கிராம் எப்படி நிற்கும்? ஒன்று என் வலையில் எங்கோ கிழிசல் இருக்க வேண்டும், அல்லது நிற்பது துகளே இல்லை. நின்றதை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தேன். மாவாகப் போய்விட்டது. ஈரம் இழுத்துக் கட்டின சின்ன உருண்டைகள். முருங்கைப் பொடி காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக இழுக்கும், சாக்குத் திறந்து கிடந்தால் சில நாளிலேயே இப்படி ஆகும். இந்த விரல் சோதனையை எப்போதும் செய்யுங்கள்: தேய்த்தால் கரைவது கட்டி, கரையாமல் நெருடுவது உண்மையான துகள். இடியாப்ப மாவு மாதிரி ஈரமாக இடிக்கிற மாவில் இது இன்னும் மோசம், வறுத்து ஆறவைத்த பிறகுதான் அதன் அளவைச் சோதிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மாதிரியைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, மூடின பாட்டிலில் ஆறவிட்டு, மறுபடி 50 கிராம் நிறுத்துச் சலித்தேன். 250 மேல் ஒன்றும் இல்லை. 180 மேல் 4.9, 150 மேல் 4.6, அடித்தட்டில் 40.1, மொத்தம் 49.6. இப்போது 180 ஐத் தாண்டியது 44.7 ÷ 49.6, 90.1 சதவீதம். கட்டி போனதும் ஏறத்தாழ 2 சதவீதம் கூடியது, ஆனாலும் 95 வரவில்லை. இந்த 4.9 கிராமைத் தேய்த்தால் கரையவில்லை. லென்ஸில் பார்த்தால் எல்லாம் ஈர்க்கு, இலைக்காம்பின் நார்த் துண்டுகள்.

ஈர்க்கு விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சல்லடை துகளின் நீளத்தை அளப்பதில்லை, அதன் குறுக்களவைத்தான் அளக்கிறது. 600 மைக்ரான் நீள நாரும் 150 மைக்ரான் தடிமனாக இருந்தால் செங்குத்தாக நின்று 180 கண்ணில் நழுவிவிடும். அதிக நேரம் தட்டத் தட்ட அதிக நார் இப்படி இறங்கும். அதனால் 180 மைக்ரான் பொடி என்று நாம் சொல்வது, அந்தக் கண்ணில் நுழைந்த பொடி என்ற அளவுக்குத்தான் உண்மை. வாயில் நறநறவென்று படுகிறது என்று யாராவது புகார் சொன்னால், சல்லடைக் கண்ணைச் சின்னதாக்கிக்கொண்டே போவதைவிட அரைப்பதற்கு முன்னால் ஈர்க்கைப் பொறுக்கி எடுப்பது பலன் தரும்.

வலையை மாற்றியது

இப்போது வேண்டியது 180 அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவான கண். இரண்டு வழி இருந்தது. அதே 80 மெஷ்ஷில் 140 மைக்ரான் கம்பி போட்ட வலை, கண் 178. இல்லையென்றால் போல்டிங் வகையிலேயே 100 மெஷ்: 25400 ÷ 100 = 254, கம்பி சுமார் 75 மைக்ரான், 254 − 75 = 179. கண் இரண்டிலும் ஒன்றுதான். தடித்த கம்பி வலை நீண்டநாள் உழைக்கும், ஆனால் அதில் திறந்த இடம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. மெல்லிய கம்பி வலையில் கிட்டத்தட்ட பாதி திறந்திருக்கும், சலிப்பு வேகமாக நடக்கும், கவனமாகக் கையாளாவிட்டால் சீக்கிரம் கிழியும். என் எந்திரம் சின்னது, மெதுவாகச் சலித்தால் நாள் முழுக்க ஓட்ட வேண்டியிருக்கும், அதனால் 100 மெஷ் போல்டிங் எடுத்தேன். ஆக, 80 மெஷ் என்று கேட்டவருக்குக் கொடுக்க, 100 மெஷ் என்று எழுதின வலையில் சலிக்கிறேன். எண்ணைப் பார்த்தால் முரணாக இருக்கும், மைக்ரானில் பார்த்தால் நேராக இருக்கிறது.

வலையில் நிற்கிற கப்பியை மறுபடி அரைவைக்குப் போடலாம். ஒரே மூச்சில் இரண்டு மூன்று தடவை ஓட்டினால் சூடேறி முருங்கையின் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும், ஆறவிட்டுத்தான் போட வேண்டும். இரண்டு தடவைக்கு மேல் நிற்பது அனேகமாக ஈர்க்குதான், அதை நான் கால்நடைத் தீவனத்துக்கு ஒதுக்கிவிடுகிறேன்.

புது வலையில் சலித்த முதல் சரக்கை அதே மூன்று சல்லடையில் சோதித்ததில் 180 ஐத் தாண்டியது 98.6 சதவீதம். பெட்டியில் இப்போது மெஷ் எழுதுவதில்லை, "180 மைக்ரான் சல்லடை வழியாக 95 சதவீதத்துக்குக் குறையாமல்" என்று எழுதுகிறேன். வாங்குகிறவர் இன்னும் 80 மெஷ் என்றே கேட்டால், ஒப்புக்கொள்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பேன்: எந்த வரிசை 80, எத்தனை சதவீதம் இறங்க வேண்டும். சிலர் −60 +80 என்று எழுதி அனுப்புவார்கள். கழித்தல் குறி என்றால் அந்தச் சல்லடையில் இறங்க வேண்டும், கூட்டல் குறி என்றால் அதன் மேல் நிற்க வேண்டும். ஏ.எஸ்.டி.எம் வரிசையில் அது 250 க்கும் 180 க்கும் இடைப்பட்ட துகள். வெறும் 80 மெஷ் கேட்பவருக்குக் கொடுக்கும் சரக்கும் இதுவும் நேர் எதிரானவை, இந்தக் குறியைக் கவனிக்காமல் சரக்கு அனுப்பினால் மொத்தமும் திரும்பி வரும்.

சோதனைச் சல்லடையைச் சுத்தம் செய்யும்போது கண்ணில் சிக்கின துகளைக் குண்டூசியால் குத்தாதீர்கள். கம்பி ஒதுங்கிக் கண் அகன்றுவிடும், பிறகு அந்தச் சல்லடை தகட்டில் சொல்லும் மைக்ரான் பொய்யாகிவிடும். கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய தூரிகையால் தள்ளுங்கள். மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பேன். கிழிந்த இடமும் அகன்ற கண்ணும் மற்றதைவிடப் பளிச்சென்று ஒரு புள்ளியாகத் தெரியும். எந்திரத்து வலையை இதே மாதிரி வாரம் ஒருமுறை பார்க்கிறேன். அதில் அப்படி ஒரு புள்ளி தெரிந்தால், கடைசியாகப் பார்த்த நாளிலிருந்து சலித்த சரக்கையெல்லாம் 180 இல் ஒருமுறை சோதிக்காமல் வண்டியில் ஏற்றுவதில்லை.